கேஃபர், கீ கிரிப், பெஸ்ட் பாய்: வெப் சீரிஸ் முடிவில் ஓடும் இந்தப் பெயர்களுக்கு என்ன வேலை?

அமெரிக்கத் தொடர் ஒன்றின் எபிசோடு முடிகிறது. கறுப்புத் திரையில் பெயர்கள் மேலே ஏறத் தொடங்குகின்றன. 'அடுத்த எபிசோடு' பொத்தான் வந்து நம்மை இழுத்துக்கொண்டு போவதற்குள் சில நொடிகள்தான் கிடைக்கும். இயக்குநர், எடிட்டர், மேக்கப் என்பதெல்லாம் புரிகிறது. அப்புறம் வருகிறது ஒரு கூட்டம்: கேஃபர், பெஸ்ட் பாய் எலக்ட்ரிக், கீ கிரிப், பெஸ்ட் பாய் கிரிப், டாலி கிரிப், ரிக்கிங் கேஃபர், ரிக்கிங் கீ கிரிப்.

'பெஸ்ட் பாய்' என்றால் அந்த எபிசோடில் நன்றாக நடித்த பையனுக்கான விருதோ என்று என் அக்கா மகன் கேட்டான். சிரித்துவிட்டேன். ஆனால் அவனுக்குச் சரியான பதிலைச் சொல்ல எனக்கும் அன்று தெரியவில்லை.

இத்தனை பெயர்களும் உண்மையில் இரண்டே துறைகளுக்குள் அடங்கிவிடும். அமெரிக்கப் படப்பிடிப்பில் இவற்றைப் பிரிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்தப் பொருளுக்கு பிளக் இருக்கா, இல்லையா? மின்சாரம் வேண்டிய விளக்கு, கேபிள், ஜெனரேட்டர் இணைப்பு எல்லாம் 'எலக்ட்ரிக்' துறை. அதன் தலைவர்தான் கேஃபர். மின்சாரம் வேண்டாத ஸ்டாண்டு, சட்டம், துணி, தண்டவாளம், மணல் மூட்டை எல்லாம் 'கிரிப்' துறை. அதன் தலைவர் கீ கிரிப். இருவருமே ஒளிப்பதிவாளருக்குக் கீழே, ஒருவருக்கொருவர் சமமாக வேலை செய்பவர்கள். ஆளுக்கொரு உதவித் தலைவர் உண்டு. அவர்கள்தான் பெஸ்ட் பாய்கள்.

சொல்லக் கேட்டால் சுலபம். ஒரு காட்சியை வைத்துப் பார்த்தால்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது பிடிபடும்.

ஒரு சமையலறை, காலை எட்டு மணி

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஒரு பழைய அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். காட்சி இதுதான்: காலை எட்டு மணி, சமையலறையில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளாமல் காபி குடிக்கிறார்கள். படத்தில் மூன்று நிமிடம் ஓடும். எடுப்பதற்கு மதியத்திலிருந்து இரவு வரை ஆகும். அதாவது வெளியே இருட்டிய பிறகும் ஜன்னலில் காலை வெயில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை அந்த நாளில் தொடங்குவதில்லை. சில நாட்களுக்கு முன்பே இயக்குநர், ஒளிப்பதிவாளர், கேஃபர், கீ கிரிப் எல்லோரும் சேர்ந்து அந்த வீட்டைப் பார்க்கப் போவார்கள். ஒரே அறையில் நின்றாலும் கேஃபரும் கீ கிரிப்பும் பார்ப்பது வேறு வேறு. கேஃபர் முதலில் தேடுவது வீட்டின் மின்பலகையை. எத்தனை சர்க்யூட், எந்த அறைக்கு எது, ஜெனரேட்டர் வண்டியை எவ்வளவு தூரத்தில் நிறுத்தினால் அதன் சத்தம் மைக்கில் விழாது என்பதெல்லாம் அவர் கணக்கு. கீ கிரிப் தரையையும் கூரையையும் ஜன்னலுக்கு வெளியே உள்ள மண்ணையும் பார்ப்பார். ஸ்டாண்டு நிற்குமா, சரியுமா, கேமரா வண்டி வாசற்படியைத் தாண்டுமா?

படப்பிடிப்பு அன்று ஒளிப்பதிவாளர் தனக்கு வேண்டியதைச் சொல்கிறார்: வெயில் இடப்பக்கம் இருந்து வரணும், மேஜை மேல் விழணும், ஆனால் அம்மாவின் முகம் பாதி இருட்டில் இருக்கணும். அதை எந்த விளக்கால், எங்கிருந்து, எவ்வளவு உயரத்தில் வைத்துச் செய்வது என்று தீர்மானிப்பவர் கேஃபர். அவர் 4,000 வாட் ஹெச்எம்ஐ விளக்கைக் கேட்கிறார். பகல் வெளிச்சத்தின் நிறத்தைத் தரும் விளக்கு அது. பழைய இழை விளக்கை வைத்தால் வெளிச்சம் மஞ்சளடிக்கும், காலை எட்டு மணி மாலை ஆறு மணி ஆகிவிடும். கேஃபரின் ஆட்கள் விளக்கைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே உயரமான ஸ்டாண்டில் ஏற்றி, கேபிள் இழுத்து, எரியவிடுகிறார்கள்.

எரியவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. இப்போது அறை முழுக்க வெளிச்சம் கொட்டுகிறது. சுவரில் அடிக்கிறது, அம்மாவின் முகத்திலும் முழுதாக அடிக்கிறது. இங்கேதான் கீ கிரிப் உள்ளே வருகிறார். விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே 12 அடிக்கு 12 அடி சட்டத்தில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி நிறுத்தினால் வெளிச்சம் மென்மையாகும். சுவரில் விழும் பகுதியை மறைக்க, ஸ்டாண்டில் மாட்டிய கறுப்புத் துணிச் சட்டம் ஒன்று வரும். அதற்கு 'ஃப்ளாக்' என்று பெயர். அம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் மட்டும் குறைக்க வேண்டும் என்றால் ஃப்ளாக்குக்குப் பதில் வலைத்துணி. வெளிச்சத்தைக் கொண்டுவருவது ஒரு துறை, நிழலைக் கொண்டுவருவது இன்னொரு துறை.

எல்லை எவ்வளவு கறார் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு வண்ணத்தாளை விளக்கின் மீதே கிளிப் போட்டு மாட்டினால் அது எலக்ட்ரிக் ஆட்களின் வேலை. அதே தாளைத் தனிச் சட்டத்தில் வைத்து விளக்குக்கு முன்னால் நிறுத்தினால் கிரிப்பின் வேலை. தாள் ஒன்றுதான். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு ஸ்டாண்டு விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்தக் கறார்தான் பதில் சொல்கிறது. தொழிற்சங்கங்களும் இதே கோட்டில்தான் பிரிந்திருக்கின்றன. ஹாலிவுட்டில் விளக்குத் தொழிலாளர்களுக்கு லோக்கல் 728, கிரிப்களுக்கு லோக்கல் 80. இரண்டுமே ஐஏடிஎஸ்இ என்ற பெரிய சங்கத்தின் கிளைகள்.

துணி இல்லை, அது பாய்மரம்

கீ கிரிப்பின் முக்கியமான வேலை நிழல்கூட இல்லை, பாதுகாப்பு. அந்த 12 அடிச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். துணியின் பரப்பு 144 சதுர அடி. காற்று அடிக்காதவரை அது வெறும் துணி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால், அந்தத் துணியின் மீது விழும் தள்ளுவிசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். ஓர் ஆள் முழு எடையோடு அதன் மேல் சாய்ந்து தள்ளுவதுபோல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். அப்போது கிட்டத்தட்ட 280 கிலோ. ஆக, அது துணி இல்லை, கப்பலின் பாய்.

அதனால்தான் அனுபவமுள்ள கிரிப் குழு அந்தச் சட்டத்தை இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தியதோடு விடாது. மேல் மூலைகளிலிருந்து முன்னும் பின்னும் கயிறு இழுத்துத் தரையில் கட்டும். ஒவ்வொரு ஸ்டாண்டின் காலிலும் மணல் மூட்டை போடும். சட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தியே வைத்திருக்கும். அவர் சும்மா நிற்பதுபோலத் தெரியும், ஆனால் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கட்டத்துக்கு மேல் போனால் இயக்குநர் என்ன சொன்னாலும் சட்டத்தைக் கீழே இறக்கச் சொல்ல கீ கிரிப்புக்கு உரிமை உண்டு.

சின்ன ஸ்டாண்டிலும் இதே கவனம்தான். 'சி-ஸ்டாண்ட்' என்று ஒரு மூன்று கால் ஸ்டாண்டு உண்டு, கால்கள் உயரத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும். எடை தொங்கும் திசையில் உயரமான கால் இருக்க வேண்டும், மணல் மூட்டை அந்தக் காலின் மேல் விழ வேண்டும். கையின் திருகு வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் தொங்கும் எடை அந்தத் திருகை மேலும் இறுக்கும். மாற்றி வைத்தால் அதே எடை திருகைத் தளர்த்தி, பத்து நிமிடத்தில் கை மெதுவாக இறங்கிவிடும், கீழே யார் உட்கார்ந்திருந்தாலும். ஒரு செட்டில் வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமா? ஸ்டாண்டு திருகுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள்.

உயரத்தில் எடை ஏற்றுவதில் உள்ள ஆபத்தை நாம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளத்தில் 'இந்தியன் 2' படத்துக்கான வேலை நடந்தபோது கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள்.

ஹேர் டிரையர் எங்கே சொருகியிருக்கு?

இப்போது சமையலறைக்குள் திரும்புவோம். வெளியே உள்ள பெரிய விளக்கு ஜெனரேட்டரில் ஓடுகிறது. உள்ளே இரண்டு சின்ன விளக்குகள், ஒன்று 1,000 வாட், இன்னொன்று 650 வாட். அவற்றை வீட்டு மின்சாரத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு. அமெரிக்காவில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். சமையலறை சர்க்யூட் 20 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2,400 வாட் வரை தாங்கும். நம் விளக்குகள் மொத்தம் 1,650 வாட்தான். தாராளமாக இடம் இருக்கிறது.

இந்தக் கணக்கைப் போடுபவர் பெஸ்ட் பாய் எலக்ட்ரிக். அவர் 120ஆல் வகுக்க மாட்டார், 100ஆல் வகுப்பார். 1,650 வாட் என்றால் 16.5 ஆம்பியர். உண்மையில் ஓடுவது 13.75 ஆம்பியர்தான். மனக்கணக்கு சுலபமாகிறது, கூடவே ஓர் இருப்பும் கையில் நிற்கிறது. இதை அவர்கள் 'காகித ஆம்பியர்' என்கிறார்கள். தரவு வேலை பார்க்கும் எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. பிழை வந்தாலும் பாதுகாப்பான பக்கம் மட்டுமே வரும் பிழை.

காட்சி ஓடுகிறது. அம்மா அழத் தொடங்குகிறார். பக்கத்து அறையில் அடுத்த காட்சிக்காக ஒரு நடிகைக்கு முடி உலர்த்த, 1,500 வாட் ஹேர் டிரையரை யாரோ சொருகுகிறார்கள். பழைய வீடு, அந்தச் சுவரில் உள்ள பிளக்கும் சமையலறை சர்க்யூட்டும் ஒன்று. மொத்தம் 3,150 வாட், அதாவது 26 ஆம்பியருக்கு மேல். பிரேக்கர் உடனே விழாது. இந்த அளவுக்குக் கூடுதல் சுமையைக் கொஞ்ச நேரம் தாங்கும், உள்ளே சூடேறிய பிறகுதான் விழும். அதனால்தான் விளக்கு எப்போதும் டேக்கின் நட்ட நடுவில், அழுகை உச்சத்துக்கு வந்த நொடியில் அணைகிறது. கூடவே எது காரணம் என்றும் யாருக்கும் உடனே விளங்காது. டிரையரைப் போட்டவர் அதற்குள் அணைத்துவிட்டுப் போயிருப்பார்.

இதைத் தவிர்க்க நல்ல பெஸ்ட் பாய் காலையிலேயே வீடு முழுக்கச் சுற்றி, எந்த பிளக் எந்த சர்க்யூட் என்று கண்டுபிடித்துப் பலகையில் டேப் ஒட்டிவிடுவார். மேக்கப், காபி மெஷின், மானிட்டர் எல்லாவற்றுக்கும் வேறு இடம் காட்டிவிடுவார். ஜெனரேட்டர் என்றால் சுமையை மூன்று ஃபேஸுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிட வேண்டும். வேலை நடக்கும்போது கிளாம்ப் மீட்டரோடு கேபிள் வழியே நடந்து பார்ப்பார். பிளக்கைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? அப்படியென்றால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. மிச்சக் கேபிளை யாராவது இறுக்கமாகச் சுருட்டி வைத்திருக்கிறார்களா? அதிகச் சுமை ஓடும்போது அந்தச் சுருளுக்குள் வெப்பம் தங்கி ரப்பர் உருகத் தொடங்கும். தீ விபத்து அங்கிருந்து வரும்.

பெஸ்ட் பாய் ஏன் செட்டில் தென்படுவதில்லை?

படப்பிடிப்பைப் பார்க்கப் போனால் பெஸ்ட் பாயைக் கேமரா பக்கத்தில் பார்ப்பது அபூர்வம். அவர் பெரும்பாலும் சரக்கு வண்டியில் இருப்பார். நாளைக்கு எத்தனை ஆள் வேண்டும், யாரைக் கூப்பிடுவது, வாடகைக்கு எடுத்த எந்த விளக்கைத் திருப்பி அனுப்புவது, எது உடைந்தது, யார் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதெல்லாம் அவர் கையில். கிரிப் பக்கமும் இன்னொரு பெஸ்ட் பாய் இதையே செய்வார். கேஃபரும் கீ கிரிப்பும் ஒளிப்பதிவாளரின் அருகிலேயே நிற்க முடிகிறது என்றால், பின்னால் இந்த இருவர் கணக்கு பார்ப்பதால்தான்.

பெயர் எப்படி வந்தது? 'உன் ஆட்களில் நல்ல பையன் ஒருத்தனைக் கொஞ்சம் அனுப்பு' என்று ஒரு துறைத் தலைவர் இன்னொருவரிடம் கேட்டதில் வந்தது என்று செட்டில் கதை சொல்வார்கள். கேஃபர் என்ற சொல் இன்னும் பழையது, ஊர்ப் பெரியவரைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சு வழக்கு. பிரிட்டனில் தொழிலாளர்களின் மேஸ்திரிக்கும் இதே சொல்தான். நம்ம ஊரில் 'பெரியவர்', 'மேஸ்திரி' என்று சொல்வதுபோலவே.

பெண்கள் அந்தப் பதவியில் இருந்தாலும் பட்டியலில் 'பெஸ்ட் பாய்' என்றே வருவது இன்றும் உண்டு. சில தொடர்களில் மட்டும் 'துணைத் தலைமை விளக்குத் தொழில்நுட்பர்' என்ற பொருளில் வரும் நீண்ட ஆங்கிலப் பதவிப் பெயரைப் பார்க்கலாம். அதுவும் பெஸ்ட் பாய்தான். அதேபோல 'தலைமை விளக்குத் தொழில்நுட்பர்' என்று வந்தால் அது கேஃபர்.

மிச்சப் பெயர்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். டாலி கிரிப் கேமரா வண்டியைத் தள்ளுபவர். தள்ளுவதுதானே என்று நினைக்க வேண்டாம். நடிகர் ஓரடி முன்னால் நின்றுவிட்டால் இவரும் அந்தக் கணமே திருத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஃபோகஸ் போய்விடும். பெயருக்கு முன்னால் 'ரிக்கிங்' என்று வந்தால், படக்குழு வருவதற்கு முன்பே வந்து கேபிளும் குழாய்ச் சட்டங்களும் போட்டுவிட்டுப் போகும் தனிக் குழு என்று பொருள். சினிமாவைவிட வேகமாக எடுக்க வேண்டிய தொடர்களில் இவர்கள் இல்லாமல் நாள் நகராது. ஒரு குழு இன்றைய காட்சியை எடுக்கும்போது இன்னொரு குழு நாளைய செட்டைத் தயார் செய்துகொண்டிருக்கும்.

லண்டனில் கதையே வேறு

இதுவரை சொன்னது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ் தொடரின் பட்டியலில் அதே சொற்கள் வந்தாலும் வேலை மாறும். அங்கே கிரிப் என்றால் கேமராவைத் தாங்குவதும் நகர்த்துவதும் மட்டும்தான். தண்டவாளம், கேமரா வண்டி, கிரேன். துணி, ஃப்ளாக், வலை எல்லாம் கேஃபரின் ஆட்களிடமே இருக்கும். அதனால்தான் பிரிட்டிஷ் பட்டியலில் கிரிப்களின் வரிசை பெரும்பாலும் குட்டையாக இருக்கும், விளக்குத் தொழிலாளர்களின் வரிசை நீளும். அங்கே பெஸ்ட் பாய் என்று மட்டும் எழுதியிருந்தால், அது விளக்குத் துறைக்காரர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியப் பழக்கம் பிரிட்டிஷ் முறைக்கே நெருக்கம். நம் செட்டில் விளக்கு ஏற்றும் லைட்மேன்தான் கட்டரும் தெர்மோகோலும் பிடிக்கிறார். கேமரா ட்ராலியும் கிரேனும் அவற்றுக்கான ஆட்களோடு சேர்ந்து வாடகைக்கு வரும். ஓடிடி தொடர்கள் வந்த பிறகு இந்தியப் பட்டியல்களிலும் கேஃபர் என்ற சொல்லை அதிகம் பார்க்க முடிகிறது.

இரவு ஒரு மணிக்கு யார் வீட்டுக்குப் போகிறார்கள்?

நம் சமையலறைக் காட்சி முடிந்து நடிகர்கள் கிளம்பிய பிறகும் இந்த இரண்டு துறைகளும் கிளம்ப முடியாது. சட்டத்தை இறக்கி, கேபிளைச் சுருட்டி, வண்டியில் ஏற்ற வேண்டும். முதலில் வருபவர்களும் கடைசியில் போகிறவர்களும் பெரும்பாலும் இவர்களே. பெஸ்ட் பாய் எழுதும் நேரக் குறிப்புகள் இங்கேதான் அரசியலாகின்றன.

2021 அக்டோபரில் ஐஏடிஎஸ்இ உறுப்பினர்கள் வேலைநிறுத்தத்துக்கு அனுமதி தரலாமா என்று வாக்களித்தார்கள். தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அதில் 98 சதவீதத்துக்கும் மேல் 'தரலாம்' என்றார்கள். சம்பளம் மட்டும் பிரச்னை இல்லை. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்கு நடுவே தூங்க நேரம் வேண்டும், வார இறுதியில் ஓய்வு வேண்டும், நள்ளிரவு தாண்டி வேலை பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டு போக முடியாது என்பதுதான் அவர்கள் பேச்சு. வேலைநிறுத்தம் தொடங்கவிருந்த திங்களுக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 16 அன்று உடன்பாடு வந்தது. இரண்டு வேலை நாட்களுக்கு நடுவே 10 மணிநேர இடைவெளியும், 54 மணிநேர வார இறுதி ஓய்வும் அதில் இருந்தன.

அது போதும் என்று எல்லோரும் நினைக்கவில்லை. நவம்பரில் அதை ஏற்பதற்கான வாக்கெடுப்பில், முக்கிய ஒப்பந்தத்துக்கு எதிராக விழுந்த தனிநபர் வாக்குகள் 50 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டின. ஆனாலும் கிளைவாரியாகப் பிரதிநிதிகளை எண்ணும் முறை இருந்ததால் ஒப்பந்தம் நிறைவேறியது.

எல்இடி வந்த பிறகு

பட்டியலில் சமீப ஆண்டுகளில் புதிதாக ஒரு வரி அடிக்கடி தெரிகிறது: லைட்டிங் கன்சோல் புரோகிராமர். பழைய 2,000 வாட் இழை விளக்கு ஒன்று தரும் மென்வெளிச்சத்துக்கு இணையானதை, இன்று 450 வாட் இழுக்கும் ஓர் எல்இடி பலகை தருகிறது. நிறத்தையும் அளவையும் தொலைவிலிருந்தே மாற்றலாம். முன்பு ஏணி ஏறி வண்ணத்தாள் மாற்றிய இடத்தில் இப்போது ஒருவர் டேப்லெட்டோடு உட்கார்ந்து விரலால் தள்ளுகிறார். அவரும் கேஃபரின் ஆள்தான்.

ஹேர் டிரையர் பயமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் விளக்கு எத்தனை சின்னதானாலும் அதன் முன்னால் நிற்கும் துணியின் அளவு குறையவில்லை. 12 அடிச் சட்டம் இன்றும் 12 அடிதான், காற்றும் அதே காற்றுதான்.